தெளிப்பான் இடைவெளியும் இயங்கு அழுத்தமும்

தெளிப்பான் இடைவெளியும் இயங்கு அழுத்தமும் என்பன, தோட்டத் தெளிப்பு நீர்ப்பாசனத்தில் நீர் எல்லா இடத்திலும் சீராக விழுகின்றதா, விழுந்த நீர் மண்ணுக்குள் இறங்குகின்றதா அல்லது வழிந்தோடுகின்றதா என்பதைத் தீர்மானிக்கும் இரு முதன்மையான அளவுகள் ஆகும். அடுத்தடுத்த இரு தெளிப்பான்களுக்கு இடையேயுள்ள தொலைவு இடைவெளி எனப்படும். நீர் தெளிக்கப்படும்போது தெளிப்பானின் அடியில் நிலவும் அழுத்தம் இயங்கு அழுத்தம் எனப்படும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. அழுத்தம் குறைந்தால் நீர் சென்று விழும் தொலைவு குறைகின்றது. அதனால் முன்னர் சரியாக இருந்த இடைவெளி பிழையானதாகி விடுகின்றது.

தாம்பரம், பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இச்சிக்கல் தனி வடிவம் கொள்கின்றது. இங்குள்ள வீடுகளில் பொதுவாக ஆழ்துளைக் கிணற்று நீரோ லாரி நீரோ மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து புவியீர்ப்பால் இறங்கி வருகின்றது. கடைகளில் கிடைக்கும் தெளிப்பான்களோ இத்தொட்டி தரும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போன நகரத்தின் புறநகரில், ஒரு சிறு புல்தரைக்கு மாதந்தோறும் சில ஆயிரம் லிட்டர் கூடுதலாகச் செலவாகின்றதா இல்லையா என்பது இவ்விரு அளவுகளைப் பொறுத்தது.

## ஒரு தெளிப்பான் நீரைப் பரப்பும் முறை

வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் பயன்படுவது நிலைத்த தெளிப்பான் ஆகும். இதில் சுழலும் பாகம் இல்லை. நாசில் என்று கடைகளில் வழங்கும் முனையிலிருந்து நீர் விசிறி போல ஒரே நேரத்தில் முழுப் பரப்பிலும் தெளிக்கப்படுகின்றது. முழு வட்டம், அரை வட்டம், கால் வட்டம் என முனைகள் தனித்தனியே கிடைக்கின்றன. பரவலாகக் கிடைக்கும் 15 அடி முனை, 2.1 பார் அழுத்தத்தில் 4.6 மீட்டர் ஆரத்துக்கு நீரை எறிகின்றது. அப்போது முழு வட்ட முனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 லிட்டரும், அரை வட்ட முனை 7 லிட்டரும், கால் வட்ட முனை 3.5 லிட்டரும் வெளியிடும். கால் வட்ட முனை கால் பங்குப் பரப்பையே நனைப்பதால் அதன் நீரும் கால் பங்காகவே அமைக்கப்பட்டுள்ளது. எனவே மூன்று வகை முனைகளையும் ஒரே குழாயில் கலந்து பொருத்தினாலும் ஒவ்வொரு சதுர மீட்டரும் பெறும் நீர் ஒரே அளவாக அமைகின்றது.

எனினும், தனித்து நிற்கும் எந்தத் தெளிப்பானும் தன் வட்டத்துக்குள் நீரைச் சமமாகப் பரப்புவதில்லை. சரியான அழுத்தத்தில் இயங்கும் முனையைச் சுற்றிக் குவளைகளை வைத்து அளந்தால், முனைக்கு அருகில் நீர் மிகுதியாகவும், விலக விலகக் குறைந்தும், வட்டத்தின் ஓரத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருப்பதைக் காணலாம். இந்தப் பரவலை வரைபடமாக வரைந்தால் அது சாய்வான கூரையைப் போலத் தோன்றும். தெளிப்பான்களை ஒன்றன் பரப்பின் மேல் ஒன்று படியுமாறு அமைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

## இடைவெளி

### முனையிலிருந்து முனைக்கு

தோட்டத் தெளிப்பு அமைப்பின் அடிப்படை விதி, ஒரு தெளிப்பான் எறியும் நீர் அடுத்த தெளிப்பானின் காலடி வரை சென்று விழ வேண்டும் என்பதாகும். அதாவது இடைவெளி, நனையும் வட்டத்தின் ஆரத்துக்குச் சமமாக, விட்டத்தில் பாதியாக இருத்தல் வேண்டும்.

இவ்விதியின் காரணத்தை எளிய கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். முனைக்கு அருகில் விழும் நீரை 1 எனவும், அது ஓரத்தை நோக்கி ஒரே சீராகக் குறைந்து 0 ஆகின்றது எனவும் கொள்வோம். இரு தெளிப்பான்களை ஓர் ஆரத் தொலைவில் வைத்தால், முதல் தெளிப்பானின் அருகில் அதன் நீர் 1, மற்றதன் நீர் 0, மொத்தம் 1. நடுவில் ஒவ்வொன்றும் அரைப் பங்கு தருவதால் மொத்தம் மீண்டும் 1. கால் தொலைவில் முக்காலும் காலும் சேர்ந்து அதே 1. ஒன்றன் குறையை மற்றொன்று சரியாக நிரப்புகின்றது.

செலவைக் குறைக்க எண்ணி இடைவெளியை ஆரத்தின் ஒன்றரை மடங்காக்கினால் என்ன நிகழும்? நடுப்புள்ளி ஒவ்வொரு முனையிலிருந்தும் முக்கால் ஆரத் தொலைவில் இருக்கும். அங்கு ஒவ்வொன்றும் தருவது கால் பங்கு மட்டுமே; மொத்தம் அரை. முனையின் அருகிலோ நீர் 1 ஆகவே இருக்கும். நடுவிலுள்ள புல் காயாமலிருக்கத் தேவையான அளவு நீரை விடும்போது, முனைகளின் அருகே அதைப்போல் இரு மடங்கு நீர் விழுந்து வீணாகின்றது. இக்கணக்கு ஒரு நேர்கோட்டுக்கு மட்டுமே உரியது. உண்மையான பரப்பில் நான்கு பக்கத் தெளிப்பான்களின் நீரும் கலப்பதால் எண்கள் சற்று மாறும். ஆனால் முடிவு மாறுவதில்லை.

### காற்றின் விளைவு

காற்று வீசும்போது வட்டம் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் நீள்கின்றது. இதனை ஈடுசெய்ய இடைவெளியைக் குறைக்க வேண்டும். பாசனப் பொறியியலில் வழங்கும் வழிகாட்டல்படி, காற்றில்லாத இடத்தில் இடைவெளி விட்டத்தில் 65 விழுக்காடு வரை இருக்கலாம், மணிக்கு 6.5 கிலோமீட்டர் வரையான காற்றில் 60 விழுக்காடும், 6.5 முதல் 13 கிலோமீட்டர் வரையான காற்றில் 50 விழுக்காடும், அதற்கு மேல் 30 விழுக்காடும் தகும். இந்த அளவுகள் பெரிய பண்ணைத் தெளிப்பான்களை முன்வைத்து உருவானவை. புல்தரைகளில் 50 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பதே வழக்கம்.

தென்சென்னைப் புறநகரில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வருகின்றது. அந்நேரத்துக்காக இடைவெளியை மிகக் குறைத்து அமைப்பதை விட, காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் நீர் விடுவது சிக்கனமானது. அப்போது வெப்பமும் குறைவாதலால் துளிகள் காற்றிலேயே ஆவியாவதும் குறைகின்றது.

## இயங்கு அழுத்தம்

### மாடித் தொட்டி தரும் அழுத்தம்

பத்து மீட்டர் உயர நீர், தன் அடியில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தருகின்றது. ஒரு மாடி கொண்ட வீட்டின் படிக்கட்டு அறைக்கு மேல் தொட்டி வைக்கப்பட்டிருப்பின், அதன் நீர்மட்டம் தோட்டத் தரையிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்தில் இருக்கும். எனவே நீர் ஓடாத நிலையில் கீழே கிடைக்கும் அழுத்தம் 0.9 பார் அளவே ஆகும். நீர் ஓடத் தொடங்கியதும் குழாய் உராய்வில் ஒரு பகுதி இழக்கப்படும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த அழுத்தம் கூடாது. உயரம் மட்டுமே அழுத்தத்தைத் தருகின்றது.

### அழுத்தம் குறைந்தால்

முனை வெளியிடும் நீரின் அளவு அழுத்தத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. அழுத்தம் பாதியானால் நீர் பாதியாவதில்லை. ஏறத்தாழ 70 விழுக்காடாகவே குறைகின்றது. எனவே மேலே கண்ட 15 அடி முனை 1 பார் அழுத்தத்திலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீரை வெளியிடும். ஆனால் அதன் ஆரம் 4.6 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 3.4 மீட்டராகச் சுருங்கி விடும்.

அத்துடன் பரவலின் வடிவமும் மாறுகின்றது. குறைந்த அழுத்தத்தில் நீர் நுண்துளிகளாக உடைவதில்லை. பெரிய துளிகள் முனைக்கு அருகில் விழாமல் ஓரத்தில் சென்று விழுகின்றன. கூரை வடிவப் பரவல் போய், நடுவில் வெற்றிடமுள்ள உளுந்துவடை போன்ற வளையப் பரவல் உண்டாகின்றது. தெளிப்பான்கள் 4.5 மீட்டர் இடைவெளியில் இருக்க, நீர் 3.4 மீட்டர் மட்டுமே சென்றால், ஒவ்வொரு முனையையும் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவுக்கு அண்டைத் தெளிப்பான்களின் நீர் எட்டுவதில்லை. அவ்விடத்தில் தன் முனையின் நீரும் அரிதாகவே விழுகின்றது. அதே வேளையில், நான்கு தெளிப்பான்களின் நடுப்புள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் 3.2 மீட்டர் தொலைவில் இருப்பதால், நான்கு வளையங்களின் கனத்த ஓரங்களும் அங்கேயே ஒன்றுகூடுகின்றன.

இதன் அடையாளம் தெளிவானது. தெளிப்பானின் காலடியில் பழுப்பு வட்டமும், நான்கு தெளிப்பான்களின் நடுவே சேறும் காணப்படும். பழுப்பு வட்டத்தைக் கண்டு நீர் போதவில்லை எனக் கருதி நேரத்தை நீட்டினால் நடுவிலுள்ள சேறு பெருகி நீர் தெருவுக்கு வழியும். பிழை நேரத்தில் இல்லை, அழுத்தத்தில் உள்ளது.

### அழுத்தம் மிகுந்தால்

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிலிருந்து நேரடியாகத் தெளிப்பான்களை இணைக்கும் வீடுகளில் எதிர்மாறான சிக்கல் எழுகின்றது. ஆழத்திலிருந்து மாடிக்கு நீரை ஏற்றவல்ல மோட்டார், தரைமட்டத்தில் குறைந்த நீரையே வெளியிட நேரும்போது 4 பாருக்கு மேலும் அழுத்தம் தரக்கூடும். 4.2 பார் அழுத்தத்தில் முனை, 2.1 பாரில் வெளியிடுவதைப் போல் 1.4 மடங்கு நீரை வெளியிடும். ஆனால் ஆரம் அதற்கேற்பக் கூடுவதில்லை. நீர் மூடுபனி போன்ற நுண்துளிகளாகச் சிதறி, மெல்லிய காற்றிலும் சுவருக்கும் சாலைக்கும் அடித்துச் செல்லப்படுகின்றது. முனையின் மேல் வெண்புகை மிதப்பது போலத் தோன்றுவது மிகை அழுத்தத்தின் அடையாளம் ஆகும். 2.1 பாருக்கு அழுத்தத்தை மட்டுப்படுத்தும் அமைப்பைத் தன்னுள் கொண்ட தெளிப்பான்களைப் பயன்படுத்தியோ, வால்வுக்கு அருகில் அழுத்தக் கட்டுப்படுத்தியைப் பொருத்தியோ இதனைத் தவிர்க்கலாம்.

### குழாயில் இழக்கப்படும் அழுத்தம்

நிமிடத்துக்கு 28 லிட்டர் நீர், உள்விட்டம் 21 மில்லிமீட்டர் கொண்ட பிவிசி குழாயில் ஓடினால், ஒவ்வொரு 10 மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் இழக்கப்படுகின்றது. உள்விட்டத்தை 28 மில்லிமீட்டராக உயர்த்தினால் இழப்பு கால் பங்காகக் குறைகின்றது. மாறாக, அரை அங்குல ரப்பர் குழாயில் அதே நீரைச் செலுத்த முயன்றால் 20 மீட்டரில் 2 பாருக்கும் மேல் இழக்க நேரிடும். எனவே மாடித் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாய் வழியாகப் பல தெளிப்பான்களை இயக்குதல் இயலாது.

ஒரே வால்வில் இயங்கும் தெளிப்பான்களுள் மிகுந்த அழுத்தம் பெறுவதற்கும் மிகக் குறைந்த அழுத்தம் பெறுவதற்கும் இடையே 20 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது என்பது பொதுவான வரம்பு. இருமடி மூல விதிப்படி இது நீரளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டு வேறுபாடாகவே வெளிப்படும்.

## பொழிவு வீதமும் மண்ணின் ஊடுருவல் வேகமும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் விழுந்தால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். இதனால் தெளிப்பான்களின் பொழிவு வீதத்தை எளிதிற் கணக்கிடலாம்:

பொழிவு வீதம் (மி.மீ./மணி) = மொத்த நீரோட்டம் (லிட்டர்/மணி) ÷ பரப்பு (ச.மீ.)

நிலைத்த தெளிப்பான்களின் பொழிவு வீதம் மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவில் அமைகின்றது. இது கனமழைக்கு ஒப்பானது. மண் நீரை உறிஞ்சும் நிலைபெற்ற வேகம், மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேலும், மணற்பாங்கான வண்டலில் 20 முதல் 30 வரையும், வண்டலில் 10 முதல் 20 வரையும், களிவண்டலில் 5 முதல் 10 வரையும், களிமண்ணில் 1 முதல் 5 வரையும் இருக்கும்.

தென்சென்னைப் புறநகரில் இம்மண் வகைகள் சில கிலோமீட்டருக்குள்ளேயே மாறுகின்றன. பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் சார்னோக்கைட்டுப் பாறை சிதைந்து உருவான செம்மண் காணப்படுகின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் களிமண் மிகுதி. நீலாங்கரை முதலான கடற்கரைப் பகுதிகளில் மணல் உள்ளது. புதிய மனைகளில் தரையை உயர்த்தக் கொட்டி இறுக்கப்பட்ட கிராவல் மண்ணின் மேல் மெல்லிய செம்மண் பரப்பிப் புல் நடப்படுவதும் உண்டு. அத்தகைய இடங்களில் மேல்மண் எதுவாயினும், கீழேயுள்ள இறுகிய அடுக்கே ஊடுருவலைக் கட்டுப்படுத்தும்.

எனவே கடற்கரை மணலைத் தவிர, இப்பகுதியின் பெரும்பாலான மண்ணில் நிலைத்த தெளிப்பான்கள் மண் உறிஞ்சுவதை விட விரைவாக நீரைப் பொழிகின்றன. இடைவெளியும் அழுத்தமும் சரியாக இருந்தாலும் தொடர்ந்து இயக்கினால் நீர் வழிந்தோடும். இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, நீரைச் சிறு தவணைகளாகப் பிரித்து, இடையில் மண் உறிஞ்ச நேரம் விடுதல். மற்றொன்று, சுழலும் பல்தாரை முனைகளைப் பொருத்துதல். இவற்றின் பொழிவு வீதம் மணிக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் இவற்றுக்கு ஏறத்தாழ 2.8 பார் அழுத்தம் தேவை.

## எடுத்துக்காட்டு

சேலையூர் பகுதியிலுள்ள நடுத்தர மனையொன்றின் முன்புறத்தில் 9 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்ட புல்தரை இருப்பதாகக் கொள்வோம். இதன் பரப்பு 40.5 சதுர மீட்டர். மண் மணிக்கு 15 மில்லிமீட்டர் உறிஞ்சும் செம்மண் வண்டல்.

### அமைப்பு

15 அடி முனைகளின் ஆரம் 4.6 மீட்டர் ஆதலால் இடைவெளி 4.5 மீட்டர் எனக் கொள்ளலாம். நான்கு மூலைகளிலும் கால் வட்ட முனைகள், நீண்ட பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு அரை வட்ட முனை என ஆறு தெளிப்பான்கள் போதும். புல்தரையின் நடுவில் எதுவும் தேவையில்லை. நீரோட்டம், நான்கு மூலைகளில் 14 லிட்டரும் இரு நடு முனைகளில் 14 லிட்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 28 லிட்டர், அதாவது மணிக்கு 1,680 லிட்டர் ஆகும். இதை 40.5 ஆல் வகுத்தால் பொழிவு வீதம் மணிக்கு 41.5 மில்லிமீட்டர்.

முனையில் 2.1 பார் தேவை. குழாய், வால்வு, வடிகட்டி ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வேண்டும். இதில் 9 மீட்டரை மாடித் தொட்டி தருகின்றது. எஞ்சிய 16 மீட்டரை, நிமிடத்துக்கு 28 லிட்டர் நீரோட்டத்தில் தரக்கூடிய சிறிய பூஸ்டர் பம்பு தேவைப்படும். அரைக் குதிரைத்திறன் பம்பு இதற்குப் போதுமானது. எனினும் பம்பின் பெயர்ப்பலகையிலுள்ள பெரும உயரத்தை மட்டும் பார்க்காமல், இக்குறிப்பிட்ட நீரோட்டத்தில் அது தரும் உயரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும உயரம் என்பது நீரோட்டம் இல்லாத நிலைக்கு உரியது.

### குவளைச் சோதனை

அமைப்பு சரியாக இயங்குகின்றதா என்பதை அறிய, ஒரே அளவான நேர்ச்சுவர் குவளைகள் பன்னிரண்டைப் புல்தரை முழுவதும் சம தொலைவில் வைத்து, 10 நிமிடம் தெளிப்பான்களை இயக்கி, ஒவ்வொன்றிலும் தேங்கிய நீரின் உயரத்தை அளக்கலாம். குவளையின் சுவர் சாய்வாக இருப்பின், நீரை மில்லிலிட்டரில் அளந்து, வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிட்டு வகுத்து, பத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும்.

பம்புடன் இயக்கிய சோதனையில் மில்லிமீட்டரில் பின்வரும் அளவுகள் கிடைத்ததாகக் கொள்வோம்: 7.8, 7.2, 6.9, 6.4, 7.5, 6.0, 4.6, 6.7, 7.4, 4.2, 6.5, 4.4. இவற்றின் கூட்டுத்தொகை 75.6, சராசரி 6.3. மிகக் குறைந்த கால் பங்குக் குவளைகள் மூன்றின் சராசரி 4.4. பிந்தையதை முந்தையதால் வகுத்தால் கிடைக்கும் 0.70 என்பது பரவல் சீர்மை எனப்படும். நிலைத்த தெளிப்பான்களுக்கு இது நல்ல அளவு ஆகும்.

பம்பு இன்றித் தொட்டி அழுத்தத்தில் மட்டும் இயக்கிய சோதனையில் 5.9, 1.6, 5.2, 4.8, 2.0, 5.6, 4.4, 1.8, 5.0, 4.9, 4.6, 4.6 எனக் கிடைத்ததாகக் கொள்வோம். சராசரி 4.2, குறைந்த மூன்றின் சராசரி 1.8; பரவல் சீர்மை 0.43. குறைந்த அளவுகள் மூன்றும் தெளிப்பான்களின் காலடியில் வைத்த குவளைகளுக்கு உரியவையாக இருக்கும்.

சீர்மையை அளக்கும் மற்றொரு முறையை 1942 ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிசுட்டியான்சென் வெளியிட்டார். சராசரியிலிருந்து ஒவ்வொரு குவளையும் எவ்வளவு விலகுகின்றது என்பதைக் கொண்டு அது கணக்கிடப்படுகின்றது. பண்ணைத் தெளிப்பான்களுக்கு அம்முறையே பெரிதும் வழங்குகின்றது. புல்தரையில் காய்ந்த திட்டுகளே கண்ணுக்குத் தெரியும் குறை ஆதலால், குறைந்த கால் பங்கைக் கொண்ட அளவு இங்குப் பொருத்தமானது.

### நீர்ச் செலவு

கோடையில் சென்னைப் பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாதலாலும் நீராவிப்போக்காலும் இழக்கப்படக்கூடும். கொரியன் புல், அருகம்புல் போன்ற வெப்பகாலப் புற்களுக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, அதாவது 4 மில்லிமீட்டர் போதுமானது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் விட்டால் 8 மில்லிமீட்டர் தேவை. காய்ந்த பகுதிக்கும் 8 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டுமெனில், சராசரியாக விடவேண்டிய நீர், 8 ஐப் பரவல் சீர்மையால் வகுத்த அளவாகும்.

| | பம்புடன் | தொட்டி மட்டும் |
|---|---|---|
| பரவல் சீர்மை | 0.70 | 0.43 |
| சராசரியாக விடவேண்டியது | 11.4 மி.மீ. | 18.6 மி.மீ. |
| ஒருமுறைக்கு நீர் | ஏறத்தாழ 463 லிட்டர் | ஏறத்தாழ 753 லிட்டர் |
| இயக்க நேரம் | 18 நிமிடம் | 44 நிமிடம் |

வேறுபாடு ஒருமுறைக்கு 290 லிட்டர். மாதத்துக்குப் பதினைந்து முறை எனக் கொண்டால் 4,350 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியொன்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இந்நீர், புல்லுக்குப் பயன்படாமல் வேருக்குக் கீழே இறங்குகின்றது அல்லது தெருவுக்கு ஓடுகின்றது.

### தவணைகள்

பம்புடன் இயங்கும் அமைப்பின் 18 நிமிடத்தை, நான்கரை நிமிடம் கொண்ட நான்கு தவணைகளாகப் பிரிக்கலாம். ஒரு தவணையில் 2.8 மில்லிமீட்டர் விழுகின்றது. அந்நேரத்தில் மண் 1.1 மில்லிமீட்டரை உறிஞ்சிவிடும். எஞ்சிய 1.7 மில்லிமீட்டர் புல்லின் அடியிலும் தரையின் சிறு குழிகளிலும் தங்கி, அடுத்த 7 நிமிடத்தில் உள்ளே இறங்கும். எனவே தவணைகளுக்கு இடையே 20 அல்லது 30 நிமிட இடைவெளி தாராளமானது. களிமண்ணில் உறிஞ்சும் வேகம் மணிக்கு 4 மில்லிமீட்டர் எனில், அதே தவணையின் எச்சம் இறங்க முக்கால் மணிக்கு அருகில் எடுக்கும். அங்கு இடைவெளி ஒரு மணியளவு தேவைப்படும்.

சரியான தவணை நேரத்தை மண்ணே காட்டிக்கொடுக்கும். தெளிப்பானை இயக்கி, புல்லின் ஓரத்தில் நீர் நகரத் தொடங்கும் வரையான நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் குறைவாகத் தவணையை வைக்கலாம்.

## பிற குறைகளைக் கண்டறிதல்

அழுத்தத்தை முனையிலேயே அளக்க வேண்டும். மோட்டார் அருகிலுள்ள அழுத்தமானி குழாய் இழப்பைக் காட்டாது. அனைத்துத் தெளிப்பான்களும் இயங்கும்போது, கடைசித் தெளிப்பானில் எடுக்கும் அளவே முதன்மையானது.

ஒரே ஒரு முனையின் விசிறியில் மட்டும் கீற்று போன்ற இடைவெளி தோன்றினால் அது அடைப்பு ஆகும். இரும்பு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் செந்நிறப் படிவு முனைகளை அடைக்கும். முனைக்கு அடியிலுள்ள சல்லடையைக் கழுவினால் பெரும்பாலும் சரியாகும். எல்லா முனைகளிலும் ஆரம் ஒரே அளவாகச் சுருங்கினால், முதன்மை வடிகட்டி அடைபட்டிருத்தல் அல்லது குழாயில் கசிவு ஏற்பட்டிருத்தல் காரணமாகலாம்.

மனை சாய்வாக உள்ள இடங்களில், வால்வை மூடிய பின்னரும் மிகத் தாழ்வான தெளிப்பான் வழியாகக் குழாயிலுள்ள நீர் முழுவதும் வடிந்து அங்கே சேறு உண்டாவதைக் காணலாம். இது அழுத்தக் குறைபாடு அன்று. எதிரோட்டத் தடுப்பு வால்வு உள்ள தெளிப்பானை அங்குப் பொருத்த வேண்டும். தவணை முறையில் ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் இவ்வாறு வடியும் என்பதால் இக்குறையை முதலில் நீக்குதல் நன்று.

## வரம்புகள்

பம்பு வைக்க இயலாத வீடுகளில் தெளிப்பான்களை நெருக்கி வைப்பது அரைத் தீர்வே ஆகும். 3.4 மீட்டர் ஆரத்துக்கேற்ப இடைவெளியைக் குறைத்தால் எட்டாத இடங்கள் நீங்கும்; ஆனால் வளையப் பரவல் நீங்காது. மேலும் தெளிப்பான்களின் எண்ணிக்கை கூடுவதால் நீரோட்டமும் குழாய் இழப்பும் கூடி, கிடைக்கும் சிறு அழுத்தமும் குறையும். 1 முதல் 2 பார் வரை இயங்கும் நுண்தெளிப்பான்களும் மாடித் தொட்டியின் அழுத்தத்தில் முழுமையாக இயங்குவதில்லை. செடி வரிசைகளுக்கும் புதர்களுக்கும் 1 பார் அல்லது அதற்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டு நீர்ப்பாசனம் பொருந்தும். ஏறத்தாழ 2 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள புல்வரிகளில், எவ்வளவு சரியான அழுத்தம் இருந்தாலும் நிலைத்த தெளிப்பானின் நீரில் ஒரு பகுதி சாலையிலோ சுவரிலோ விழுவதைத் தவிர்ப்பது அரிது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேற்கண்ட கணக்குகள் பொருந்தா. அம்மாதங்களில் தானியங்கி நேரக்கட்டுப்பாட்டுக் கருவியை நிறுத்தி வைத்தல் வேண்டும்.